நாடிக் குறைவு என்றால் என்ன?

“திருகோணமலையில் தாதியர் பயிற்சி, முதலாம் வருடம். நாடி குறைவது வேறு, நாடிக் குறைவு வேறு என்கிறார்கள். விளங்கவில்லை.”

தங்கச்சி, நாடி குறைவது என்றால் துடிப்பு மெதுவாவது. நாடிக் குறைவு என்பது நெஞ்சில் கேட்கும் துடிப்புக்கும் மணிக்கட்டில் தொட்டறியும் துடிப்புக்கும் உள்ள வித்தியாசம். இதயம் நிரம்புமுன்னே சுருங்கினால் அந்தத் துடிப்பு கைவரை வராது.

எங்கள் வாட்டில் நிலாவெளி மீனவர் ஐயா ஒருவர் இருந்தார். நான் ஸ்டெதஸ்கோப்பில் 104 எண்ணினேன். அதே நிமிடம் மற்ற மிஸ்ஸி மணிக்கட்டில் 86. அப்போ குறைவு 18. விரலுக்கடியில் துடிப்பு ஒழுங்கில்லாமல் தடுக்கித் தடுக்கி வந்தது. பொறுப்புத் தாதியிடம் சொன்னோம், ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது, தெரிந்தது.

இரண்டு பேர், ஒரே மணிக்கூடு, முழு நிமிடம். ஒழுங்கற்ற நாடியை 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம், கணக்குப் பிழைக்கும்.