வாய் பேசுகிறது, நோட்டு பேசவில்லை: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பிள்ளையைப் பற்றி எழுதியவை போலவே இருந்தன. வாயைத் திறந்தால் அசத்துகிறான், நோட்டைத் திறந்தால் மானம் போகிறது. மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கும் இந்த நிலையைத்தான் எங்கள் துறையில் ‘டூ-இ’ என்கிறோம். அந்தக் கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் பையன் ரொம்பப் புத்திசாலி. ஆனால் படிக்க மாட்டேன் என்கிறான். என்ன செய்வது? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? வயது இல்லை, வகுப்பு இல்லை, தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதும் இல்லை. ‘படிக்க மாட்டேன்’ என்றால் என்ன? எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லையா, உட்கார்ந்து பாடம் படிப்பதில்லையா? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், ஆனால் இரண்டும் வேறு வேறு சங்கதி. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைக்கான மாதிரித் தேர்வில் மனத்திறன் பகுதியில் 90க்கு 71 எடுத்தான். அதே மாணவன் தமிழில் 38. பார்த்து எழுதியிருப்பானோ என்று தலைமையாசிரியர் சந்தேகப்படுகிறார். எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான். (ஆசிரியர், மேலூர்)

யாரைப் பார்த்து எழுதினான் சார்? பக்கத்தில் 71 எடுத்த இன்னொருவன் இருந்தானா?

மனத்திறன் தேர்வில் எண் தொடர், உருவ வரிசை, ஒப்புமை மாதிரியான கேள்விகள்தான் பெரும்பாலும். யோசித்து வட்டத்தைக் கருப்பாக்கினால் போதும், ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. தமிழ்த் தாளில் எல்லாமே எழுத்து. அதனால் இந்த இரண்டு மதிப்பெண்ணும் முரண் இல்லை. அவன் மூளை எங்கே ஓடுகிறது, எங்கே சிக்குகிறது என்று அவை சேர்ந்து காட்டுகின்றன.

உங்கள் பள்ளியிலும் ‘மீத்திறன் மாணவர்’, ‘மெல்லக் கற்போர்’ என்று இரண்டு பட்டியல் இருக்கும். ஒரே பெயரை இரண்டிலும் எழுத யாருக்கும் கை வராது. இவன் பெயரை இரண்டிலும்தான் எழுத வேண்டும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பாடப்புத்தகத்தை வாசிக்கச் சொல்லாதீர்கள். புத்திசாலிப் பிள்ளை முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சூழலிலிருந்து ஊகித்துவிடுவான். ‘பள்ளிக்கு’ என்று அச்சில் இருக்கும், ‘பள்ளிக்கூடத்துக்கு’ என்று வாசிப்பான். பொருள் சரியாக இருப்பதால் நம் காதில் தவறு விழாது. அதற்குப் பதிலாக கொமடு, தெழுலி, பேணுசம், நொளிகை என்று அர்த்தமே இல்லாத சொற்கள் இருபதை எழுதிக் கொடுங்கள். ஊகிக்க அங்கே ஒன்றும் இல்லை. அதே வகுப்பில் தமிழில் 60 எடுக்கும் இரண்டு மூன்று பேரிடமும் இதே பட்டியலைக் கொடுத்து, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கும் மொழி என்பதால் இந்தச் சிக்கல் உள்ள பிள்ளைகள் பலர் தப்பில்லாமல் வாசித்துவிடுவார்கள், ஆனால் மெதுவாக. தமிழில் தப்பை மட்டும் எண்ணாதீர்கள், நேரத்தையும் பாருங்கள். அப்புறம் சொல்வதெழுதுதல் வையுங்கள். ண-ன-ந, ல-ள-ழ, ர-ற, குறில் நெடில், விட்டுப்போன புள்ளி, இடம் மாறிய கொம்பு இவற்றைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பிலும் புள்ளியும் கொம்பும் நிறையத் தவறினால் முறையான மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். உங்கள் சோதனை அதற்கான காரணம்தான், அதையே முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஒரு மையத்தில் பையனுக்கு ஐ.க்யூ. எடுத்தோம். 115 வந்தது. ‘சராசரிக்கு மேல், கற்றல் குறைபாடு இல்லை, கவனமாகப் படித்தால் போதும்’ என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம்பலாமா? (திருமங்கலம்)

ஒரே பக்கமா? இதைத்தான் அம்மா நான் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். ஒற்றை எண்ணைக் கையில் வாங்கிக்கொண்டு வராதீர்கள். உட்பிரிவு மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள்.

சில வருடங்களுக்கு முன் அவனியாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ஆறாம் வகுப்பு, வயது 11, அப்பா டூவீலர் மெக்கானிக். அவன் கையிலும் ஏறக்குறைய இதே 115தான். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கிப் பார்த்தேன். வெக்ஸ்லர் என்ற ஐ.க்யூ. சோதனையின் நான்காம் பதிப்பில் நான்கு பகுதிகள் உண்டு. அவனுக்கு மொழிவழிப் புரிதல் 134, காட்சிவழிச் சிந்தனை 128, செயல்படு நினைவகம் 94, செயல்வேகம் 83. இந்த நான்கையும் கலந்து ஒரு 115 செய்திருக்கிறார்கள். அந்தப் பையனிடம் 115 என்று எதுவுமே கிடையாது. நூற்றில் இரண்டு பேருக்கு மட்டுமே இருக்கும் யோசனைத் திறன் ஒரு பக்கம், நூற்றில் 85 பேருக்கும் கீழே இருக்கும் வேகம் இன்னொரு பக்கம். அவன் அப்பாவுக்கு இதை விளக்கியபோது, “நாலு சிலிண்டர்ல ஒண்ணு அடிக்காத வண்டிய சுமாரான வண்டின்னு சொல்லிட்டாங்களா?” என்றார். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

பகுதிகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி இருந்தால் அந்த 115 மாதிரியான முழு அளவு எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, முதல் இரண்டு பகுதிகளை மட்டும் கொண்டு ‘பொதுத் திறன் எண்’ கணக்கிட வேண்டும். அவனுக்கு அது 135ஐ ஒட்டி வந்தது. அமெரிக்காவின் மீத்திறன் குழந்தைகள் சங்கமும் 2018இல் இந்தப் பிள்ளைகளுக்கு முழு அளவு எண்ணைக் கட்டாயமாக்கக் கூடாது என்றுதான் சொன்னது. இது ரகசியம் ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் முடிகிற கணக்கு. அந்த அரை மணியைத்தான் யாரும் தருவதில்லை.

அடுத்த ஓட்டை இன்னும் பெரியது. நம் நாட்டில் அதிகம் பயன்படும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பில், பிள்ளை தன் வகுப்புக்கு இரண்டு வகுப்பு பின்தங்கியிருந்தால்தான் குறைபாடு என்று எடுப்பார்கள். சாதாரணப் பிள்ளைக்கு அது சரியான கோடு. எட்டாம் வகுப்புப் பாடத்தையே புரிந்துகொள்ளக்கூடிய ஆறாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு அளவில் வாசித்தால்? தாளில் ஒரு வகுப்புதான் பின்தங்கல், ‘குறைபாடு இல்லை’. அவன் திறனிலிருந்து பார்த்தால் மூன்று வகுப்பு. அந்தப் பள்ளத்தை அவன் ஊகத்தாலும் மனப்பாடத்தாலும் நிரப்பிக்கொண்டிருக்கிறான். பள்ளிக்கூடம் பார்க்கும் மதிப்பெண் 55, தேர்ச்சி. யாரும் கவலைப்படுவதில்லை.

அவனியாபுரம் பையனுக்கும் முதல் மையம் வாசித்துப் பொருள் சொல்வதை மட்டும் பார்த்திருந்தது. அது அவன் பலமான இடம். நாங்கள் சொல்வதெழுதுதலும், நேரம் வைத்து வாசிப்பும், பத்து நிமிடக் கட்டுரையும் சேர்த்துப் பார்த்தோம். எழுத்துப் பிழை மூன்றாம் வகுப்பு அளவில் இருந்தது. பெட்ரோல் இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று வாயால் எட்டு நிமிடம் சொன்னவன், அதையே எழுதியபோது நான்கு வரி எழுதினான். தெரிந்த பெரிய சொற்களையெல்லாம் தவிர்த்து, பிழையில்லாமல் எழுத வரும் சின்னச் சொற்களாகப் பொறுக்கிப் போட்டிருந்தான். சொன்னதற்கும் எழுதியதற்கும் இடையில் இருந்த அந்தத் தூரத்தை எந்த எண்ணும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

அப்புறம் வாரம் நான்கு நாள், முக்கால் மணி நேரம், எழுத்து-ஒலிப் பயிற்சி. வகுப்பில் அறிவியல் விடையை வாய்மொழியாகச் சொல்ல அனுமதி வாங்கினோம். ஒர்க்‌ஷாப்பில் அப்பாவோடு இருக்கும் மாலை நேரத்தை டியூஷனுக்காகப் பிடுங்க வேண்டாம் என்று சண்டை போட்டேன். அவன் நிமிர்ந்து நின்ற ஒரே இடம் அது. ஒன்றரை வருடத்தில் எழுத்துப் பிழை பாதியாகக் குறைந்தது. வேகம் பெரிதாகக் கூடவில்லை. கூடும் என்று நான் வாக்கும் கொடுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. செயல்வேகம் குறைந்தாலே டிஸ்லெக்ஸியா என்று முடிவு கட்டாதீர்கள். கவனக்குறைவுக் கோளாறு, கையெழுத்துச் சிரமம், பயம் இவையும் அந்த எண்ணை இறக்கும். நீங்கள் அந்த மையத்துக்கே திரும்பப் போய் உட்பிரிவு மதிப்பெண்களை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: கலர் கண்ணாடி போட்டால் எழுத்து ஆடாமல் நிற்கும் என்கிறார்கள். பன்னிரண்டாயிரம் ஆகுமாம். (ஆரப்பாளையம்)

வேண்டாம். கண் மருத்துவரிடம் சாதாரணப் பரிசோதனை செய்தால் போதும். மீதிப் பணத்தைச் சிறப்பு ஆசிரியருக்குக் கொடுங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பையே இன்னொரு வருடம் படிக்க வைக்கலாமா? அடித்தளம் பலமாகும் அல்லவா? (உசிலம்பட்டி)

ஆகாது. அவனுக்குப் பாடம் புரிந்துவிட்டது, எழுதத்தான் வரவில்லை. புரிந்த பாடத்தையே இன்னொரு வருடம் கேட்டால் சலித்துப்போய் வகுப்பில் வம்பு செய்வான். அப்புறம் ‘அடங்காதவன்’ என்ற மூன்றாவது பட்டியலில் ஏறுவான்.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. சான்றிதழ் வாங்கினால் எழுத்தரும் கூடுதல் நேரமும் கிடைக்குமா? சான்றிதழால் பிற்காலத்தில் பாதிப்பு வருமா? (அனுப்பானடி)

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. அரசு மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால் சலுகைகளைக் கேட்கலாம், அதனால் பாதிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் மதிப்பீடு, மருத்துவக் குழு, தேர்வுத்துறை அனுமதி எல்லாம் முடிவது சிரமம். இன்றைக்கே பள்ளி மூலமாக மனு கொடுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்கள் இதைப் படித்தால் இந்த வருடமே தொடங்குங்கள்.

இன்னொன்று. எழுத்தர் கிடைத்ததும் மதிப்பெண் தானாக வந்துவிடாது. சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். எங்கே நிறுத்துவது, எதை அடிக்கச் சொல்வது என்று தெரியாமல் தேர்வறையில் திணறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பத்துத் தாளாவது வீட்டில் அப்படி எழுதிப் பழகட்டும். அவளுக்குக் கூடுதல் நேரம் மட்டுமே போதுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கேள்வி: பேத்திக்கு ஆறு வயது. நான் சொன்ன கதையை மறுநாள் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள், முடிவை மாற்றியும் சொல்வாள். சொல்வதெழுதுதல் இருக்கும் நாளில் மட்டும் வயிற்றுவலி. டீச்சர் ‘அமைதியான பிள்ளை, பிரச்சனையே இல்லை’ என்கிறார். (சிலைமான்)

அமைதியான பெண் பிள்ளை வகுப்பைத் தொந்தரவு செய்வதில்லை, அதனால் டீச்சர் கண்ணில் படுவதில்லை. உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது, நல்லது. வயிற்றுவலியைத் தள்ளிவிடாமல் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள், கண்ணும் காதும் சேர்த்து. சான்றிதழுக்கு எட்டு வயது ஆக வேண்டும், பயிற்சிக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். சொல்லை ஒலிகளாகப் பிரிக்கும் விளையாட்டு இப்போதே ஆரம்பிக்கலாம்: ‘மரம்’ என்ற சொல்லில் ‘ம’வை எடுத்தால் என்ன மிச்சம், ‘பல்’லில் ‘ப’வுக்குப் பதில் ‘க’ போட்டால் என்ன வரும். தினம் பத்து நிமிடம் போதும், கதை நேரத்தைக் குறைக்காதீர்கள். வயிற்றுவலி வரும் தேதிகளை ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதை டீச்சரிடம் கொண்டுபோய்ச் சொல்வதெழுதுதல் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.