எதிரே ஒருவர் நடந்து வரும்போது

கேள்வி: எனக்கு 26 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வராண்டாவில் எதிரே யாராவது வந்தால் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. போனில் ஏதோ பார்ப்பது போல் கடந்துபோய்விடுகிறேன். கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகிப் பார்த்தேன். நேரில் முகம் இறுகிவிடுகிறது, ‘குட்மார்னிங்’ தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. ‘அந்தப் பொண்ணுக்குத் தலைக்கனம்’ என்று எங்கள் மேனேஜர் மேடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆண்களைப் பார்த்துச் சிரித்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: முதலில் அந்தக் கண்ணாடிப் பயிற்சியை இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா. உங்களுக்கு இருக்கும் சிக்கலை அது வளர்க்கத்தான் செய்யும்.

கூச்சம் உள்ளவர்களுக்கு வணக்கம் சொல்லும் நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் விளக்கி எழுதினார்கள். எதிரே ஆள் வந்ததும் கவனம் முழுக்கத் தன் பக்கம் திரும்பிவிடுகிறது. கன்னம் சூடாகிறதா, உதடு நடுங்குகிறதா, குரல் பிசிறுகிறதா என்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்போம். அந்த உணர்வுகளை வைத்து, ‘நான் இப்போது இப்படித்தான் தெரிகிறேன்’ என்று மனம் ஒரு படம் வரைந்துகொள்கிறது. அந்தப் படம் பெரும்பாலும் நிஜத்தைவிட மோசமாகவே இருக்கும். இதற்கிடையில் எதிரே வந்தவரை நாம் பார்க்கவே இல்லை. கண்ணாடி முன் நின்று பழகும்போது நீங்கள் பழகுவதும் இதையேதான்: சிரிக்கும்போது உங்கள் முகத்தையே கவனிப்பது. அதே பழக்கத்தோடு வராண்டாவுக்குப் போனால் முகம் இறுகாமல் என்ன செய்யும்?

ஆகவே நீங்கள் பழக வேண்டியது கவனத்தை வெளியே வைப்பது. அதற்கு, ஒரு வணக்கம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பாரம் குறையும்.

ஆடம் கெண்டன், ஆண்ட்ரூ ஃபெர்பர் என்ற ஆய்வாளர்கள், ஒன்றுகூடும் இடங்களில் மனிதர்கள் ஒருவரையொருவர் வரவேற்பதைப் படம் பிடித்து, துளித் துளியாகப் பிரித்துப் பார்த்து 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தூரத்தில் கண்டதும் ஒரு சின்ன அடையாளம் காட்டுகிறோம்: தலையசைப்பு, புருவம் லேசாக உயர்வது, கை காட்டுவது, இப்படி ஏதோ ஒன்று. அப்புறம் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரும்போது பெரும்பாலும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறோம். நெருங்கியதும் மறுபடி பார்த்து, புன்னகைத்து, வாய் திறக்கிறோம்.

நடுவில் பார்வை விலகுகிறது என்றேனே, அதைக் கவனியுங்கள். உங்களை மாதிரி இருப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். மேடத்தை வராண்டாவின் அந்தக் கோடியிலேயே பார்த்துவிடுகிறீர்கள். அங்கிருந்து இங்கு வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பதா என்ற திகைப்பில் போனை எடுக்கிறீர்கள். அவ்வளவு நேரம் யாருமே பார்ப்பதில்லை. சகஜமாகப் பழகுகிறவர்களும் நடுவழியில் தரையையோ ஜன்னலையோ பார்த்துவிட்டுத்தான் நிமிர்கிறார்கள். போன் கெடுதல் செய்வதற்குக் காரணம், அதை எடுத்தால் கடைசியில் நிமிர்வதில்லை என்பதே. தூரத்தில் நீங்கள் பார்த்ததை மேடம் கவனித்திருப்பார். பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறாள் என்று எடுத்துக்கொண்டிருப்பார். தலைக்கனம் என்ற பேச்சு இதிலிருந்துதான் முளைத்திருக்கும்.

அதே வராண்டாவை இப்போது வேறு விதமாக நடந்து பார்ப்போம். காலை ஒன்பதரை மணி. மேடம் அந்தப் பக்கத்து அறையிலிருந்து வெளியே வருகிறார். உங்களுக்கும் அவருக்கும் இருபது அடி இருக்கும். அவரைக் கண்டதும் தலையை ஒரு தடவை லேசாக அசையுங்கள். சிரிப்பு வேண்டாம், பேச்சும் வேண்டாம், ‘உங்களைப் பார்த்துவிட்டேன்’ என்ற தகவல் போனால் போதும். பிறகு பார்வையை விட்டுவிட்டு உங்கள் பாட்டுக்கு நடங்கள். நடக்கும்போது மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். நாலைந்து அடி தூரம் வந்ததும் நிமிர்ந்து அவரைப் பாருங்கள். கண்ணுக்குள் பார்ப்பது கஷ்டமாக இருந்தால் இரண்டு புருவங்களுக்கு நடுவே பாருங்கள். அந்தத் தூரத்தில் அவருக்கு வித்தியாசம் தெரியாது. அவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா, கையில் என்ன வைத்திருக்கிறார் என்று ஏதாவது ஒன்றைக் கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு, “குட்மார்னிங் மேடம்.” சொல்லி முடிக்கிறவரை பார்வை அங்கேயே இருக்கட்டும், பிறகு எடுத்துவிடலாம். எல்லாம் சேர்த்துச் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

தொண்டையில் நின்றுபோகும் குரலுக்கு வருகிறேன். பதற்றத்தில் நாம் மூச்சை இழுத்து அப்படியே பிடித்துக்கொள்கிறோம். பிடித்த மூச்சோடு பேசினால் தொண்டை இறுகி, முதல் எழுத்து வெளியே வராது, வந்தாலும் கீச்சென்று வரும். நடக்கும்போதே மூச்சை விடச் சொன்னது இதனால்தான். இதை வீட்டிலேயே பழகலாம். பாதி மூச்சை வெளியே விட்டுவிட்டு, மீதி மூச்சில் “குட்மார்னிங் மேடம்” என்று சொல்லிப் பாருங்கள். ‘மேடம்’ என்பதைக் கடைசி ம் வரைக்கும் முழுசாக உச்சரியுங்கள். கூச்சத்தில் நாம் முதலில் விழுங்குவது சொல்லின் வாலைத்தான். வால் போய்விட்டால் கேட்பவருக்கு முணுமுணுப்பாகத்தான் கேட்கும். ‘மேடம்’ என்பதில் குரல் மேலே ஏறினால் கேள்வி கேட்பது போல, அனுமதி கேட்பது போல ஒலிக்கும். கொஞ்சம் இறங்கி முடிந்தால் நிதானமாக இருக்கும். தங்கையையோ அம்மாவையோ அடுத்த அறையில் இருக்கச் சொல்லி, அங்கே கேட்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் கத்துவதாக நினைக்கும் அளவுதான் பெரும்பாலும் மற்றவர்களுக்குச் சாதாரண அளவாக இருக்கும்.

சிரிப்பை மட்டும் தனியாகப் பழகாதீர்கள். உண்மையான சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்கும் என்று டூஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862லேயே எழுதினார். அந்தத் தசையை வேண்டுமென்றே சுருக்கவும் பலரால் முடிகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. உங்களுக்கு அந்த வித்தை தேவையில்லை. சிரிப்பு போலியாகத் தெரிவதற்கு முக்கியமான ஒரு காரணம் நேரம் தப்புவது. ஆளைப் பார்ப்பதற்கு முன்பே சிரிப்பை மாட்டிக்கொண்டு நடந்து வருவது, கடந்த மறுநொடியே சட்டென்று அணைத்துவிடுவது, இந்த இரண்டும்தான் இயல்பைக் கெடுக்கின்றன. முதலில் பார்வை, பிறகு சிரிப்பு என்ற வரிசையை மாற்றாதீர்கள். அவரை அடையாளம் கண்ட பிறகு மெதுவாக வரட்டும், கடந்து போன பிறகும் ஓரிரு அடிக்கு அப்படியே இருந்து தானாகக் கலையட்டும். உதடு பிரிய வேண்டியதில்லை. ஒரு நாள் சிரிப்பே வரவில்லை என்றால் வரவழைக்காதீர்கள். நிமிர்ந்த பார்வையும் முழுசாகச் சொன்ன ‘குட்மார்னிங்’கும் இருந்தால் மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

ஆண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை, அதைப் போக்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதும் இல்லை. தலையசைப்பும், “குட்மார்னிங் சார்” அல்லது “வணக்கம்ங்க” என்ற தெளிவான சொல்லும், நிற்காமல் நடந்துகொண்டே இருப்பதும் போதும். அதில் தப்பாக எடுத்துக்கொள்ள இடமே இருக்காது. பழகியவர் என்று உங்களுக்கே தோன்றும்போது சிரிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். யாரிடம் எவ்வளவு என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மேடத்திடமிருந்து தொடங்காதீர்கள். உங்களை எடைபோடுவார் என்று நீங்கள் பயப்படுகிற ஆள் அவர், அவரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணாவுக்கும், டீ கொண்டுவரும் அக்காவுக்கும் மட்டும் சொல்லுங்கள். அடுத்த வாரம் உங்கள் பிரிவில் அதிகம் பேசாத ஒருவர், அப்புறம் பக்கத்துப் பிரிவு. ஒவ்வொரு முறையும் கடந்து போனதும் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்? பதில் தெரிந்தால் கவனம் வெளியே இருந்திருக்கிறது என்று அர்த்தம். குரல் நடுங்கியிருந்தாலும் அன்றைய பயிற்சி சரியாக நடந்திருக்கிறது. பதில் தெரியவில்லை, ஆனால் உங்கள் கன்னம் சூடானது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது என்றால், சொன்ன வணக்கம் அழகாகவே இருந்தாலும் கவனம் உள்ளேதான் இருந்திருக்கிறது. வீட்டுக்குப் போன பிறகு அந்தச் சில விநாடிகளை ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், சட்டை நிறத்தை மட்டும் டைரியில் ஒரு வரி எழுதி மூடிவிடுங்கள்.

‘இல்லை, நான் நிஜமாகவே பயங்கரமாகத் தெரிகிறேன்’ என்று மனம் அடித்துச் சொன்னால் அதையும் சோதிக்கலாம். தங்கையைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, அம்மா எதிரே நடந்து வர, வணக்கம் சொல்லுங்கள். பார்ப்பதற்கு முன்பு, எப்படித் தெரியப்போகிறீர்கள் என்று நீங்கள் நினைப்பதை எழுதுங்கள்: எவ்வளவு சிவந்திருக்கும், குரல் எவ்வளவு நடுங்கும், பத்துக்கு எத்தனை என்று. பிறகு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பார்ப்பது போல வீடியோவைப் பார்த்து மறுபடி மார்க் போடுங்கள். கூச்சத்துக்குத் தரும் சிகிச்சையிலும் இதைச் செய்கிறோம். எட்டு என்று எழுதியவர்கள் பார்த்த பிறகு மூன்று, நான்கு என்று இறங்குவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை செய்தால் போதும். தினமும் எடுத்துப் பார்த்தால் அதுவும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

சில சமயம் நீங்கள் சரியாகச் சொல்லியும் மேடம் பதில் சொல்லாமல் போகலாம். அவர் காதில் விழாமல் இருந்திருக்கலாம், மாதக் கணக்கு முடிக்கிற நாளாகவும் இருக்கலாம். காரணத்தைத் தேடாமல் மறுநாள் அதே மாதிரி சொல்லுங்கள். நான்கு மாதமாகப் பேசாத பெண் திடீரென்று பேசினால் முதல் நாள் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் போகும். ஒரே நாளில் அவரை இரண்டாம் முறை பார்த்தால் மறுபடி குட்மார்னிங் சொல்ல வேண்டாம், தலையசைப்பு மட்டும் போதும்.

இன்னொன்றும் உங்களிடம் கேட்க வேண்டும். இந்தப் பயம் வராண்டாவோடு நிற்கிறதா? அல்லது மீட்டிங் என்றால் லீவு போடுவது, கேன்டீனுக்குப் போகாமல் பட்டினி கிடப்பது, நெஞ்சு படபடத்துக் கை கால் நடுங்குவது என்று பல மாதங்களாக உங்கள் வேலையையும் வாழ்க்கையையும் சுருக்கிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் நான் மேலே சொன்னதை நீங்கள் தனியாகச் செய்வது போதாது. சமூகப் பதற்றக் கோளாறு என்று அதற்குப் பெயர் உண்டு, மனநல மருத்துவரிடமோ உளவியல் நிபுணரிடமோ அதற்கு நல்ல சிகிச்சையும் உண்டு. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள். நேரில் போய் உட்காரக் கூச்சமாக இருந்தால் அந்த அழைப்பிலிருந்தே தொடங்குங்கள்.