கொஞ்சும் குரலும் சாயும் தலையும்

கேள்வி: எங்கள் நாய்க்கு இரண்டு வயது. சாதாரணமாகப் பேசினால் கண்டுகொள்ளாமல் படுத்திருப்பான். குரலை உயர்த்திக் கொஞ்சினால் மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்க்கிறான். அந்தக் குரல் காதைக் கூச வைக்கிறதா?

பதில்: இல்லை, பயப்படாதீர்கள். காது கூசினால் நாய் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு நகர்ந்து போகும். உங்கள் நாய் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், அதாவது கவனிக்கிறான்.

அந்தக் குரலில் நீங்கள் வழக்கமாக என்ன சொல்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். "பந்து எங்கடா?", "வெளியே போலாமா?" மாதிரி அவனுக்குத் தெரிந்த வார்த்தைகள்தானே பெரும்பாலும் வரும்? பேச்சு தனக்குத்தான் என்று குரல் சொல்லிவிடுகிறது, அப்புறம் அதில் எந்த வார்த்தை இருக்கிறது என்று தேடுகிறான்.

2021-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் 40 நாய்களை வைத்து இதைப் பார்த்தார்கள். பொம்மையின் பெயரைச் சொல்லி எடுத்து வரச் சொல்வார்கள், பொம்மை அடுத்த அறையில் இருக்கும். பொம்மைப் பெயர்களை நன்றாகக் கற்றுக்கொண்ட 7 நாய்கள் 100-க்கு 43 தடவை தலையைச் சாய்த்தன. பெயரைக் கற்றுக்கொள்ள முடியாத மற்ற 33 நாய்கள் சாய்த்தது 100-க்கு 2 தடவைதான். கேட்ட பெயரை நினைவில் தேடிப் பொருத்தும்போது தலை சாய்கிறது என்பது அவர்கள் கணிப்பு. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் அவர்கள் சோதித்தது வார்த்தையைத்தான், குரலின் உயரத்தை அல்ல.

அதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். அவன் சும்மா இருக்கும் நேரத்தில் "பந்து எங்கடா" என்பதை ராகமே இல்லாமல் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் விட்டு, அவனுக்குப் பழக்கமில்லாத ஏதோ ஒரு வார்த்தையைக் கொஞ்சும் குரலில் சொல்லுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி, நாலைந்து நாளில் பத்துப் பத்து தடவையாவது பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் சாய்த்தானா என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலாவதற்கே அதிகம் சாய்த்தால் வார்த்தைதான் காரணம், இரண்டாவதற்கு என்றால் குரல். இதில் கெடுவது ஒரே இடத்தில்தான்: சாய்த்ததும் "அய்யோ என் தங்கம்" என்று தடவிக் கொடுத்துவிடுவோம், அடுத்த தடவை அவன் தடவலுக்காகவே சாய்ப்பான். அதனால் சோதிக்கும்போது சிரிக்கக்கூட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பேச்சு நின்றதும் தலை நேராகிவிட வேண்டும். யாரும் பேசாதபோதும் ஒரே பக்கம் சாய்ந்தே இருந்தால், கூடவே காதைச் சொறிந்தால், காதில் நாற்றம் வந்தால், நடையில் தள்ளாடினால், அது காதுக்குள் புண்ணாகவோ சமநிலைக் கோளாறாகவோ இருக்கலாம். அப்போது தள்ளிப்போடாமல் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.