சியூஆர்யூ-வில் 75 ஹெர்ட்ஸ் போட்டால் திரை கறுப்பாகிறது

“1080பி மானிட்டர், டிவிஐ கேபிள். 60-ல் நன்றாக ஓடுகிறது. சியூஆர்யூ என்ற ரெசல்யூஷன் மாற்றும் மென்பொருளில் 75 சேர்த்ததும் படமே வரவில்லை. என்ன செய்வது?”

75-ஐ விட்டுவிட்டு 71 போடுங்கள், அது ஓட வாய்ப்பு அதிகம். ஒற்றை இணைப்பு டிவிஐ தாங்கும் பிக்ஸல் கிளாக், அதாவது ஒரு விநாடியில் அனுப்பும் பிக்ஸல்களின் எண்ணிக்கை, 165 மெகாஹெர்ட்ஸ்தான். கண்ணுக்குத் தெரியாத ஓர இடைவெளியையும் சேர்த்தே கணக்கு. வழக்கமான டைமிங்கில் மொத்தம் 2200 × 1125. அதை 75-ஆல் பெருக்கினால் 185.6 மெகாஹெர்ட்ஸ் ஆகிறது, எல்லை தாண்டிவிட்டது.

1. `Timing`-ஐ `Manual` ஆக்கி, மொத்தத்தை 2080 × 1111 எனக் குறைத்து, 71 கொடுங்கள். சுமார் 164 வரும், மயிரிழையில் தப்பிக்கும்.
2. `restart64.exe` ஓட்டுங்கள். பதினைந்து விநாடியில் படம் திரும்பாவிட்டால் `F8`.
3. விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 71-ஐத் தேர்ந்தெடுங்கள்.

படம் வந்ததும் நம்பிவிடாதீர்கள். சில மானிட்டர்கள் 71 என்று காட்டிக்கொண்டே ஃபிரேம்களை விழுங்கும். ஃபிரேம் ஸ்கிப் சோதனைப் பக்கத்தைத் திறந்து, ஷட்டரை 1/10 விநாடியில் வைத்துப் படமெடுங்கள். ஒளிரும் கட்டங்களுக்கு நடுவே இருட்டுக் கட்டம் இருந்தால் ஏமாற்றுதான். ஒவ்வொரு ஹெர்ட்ஸாக இறங்குங்கள்.

குறைந்த இடைவெளியை எல்லா பேனலும் ஏற்காது. படம் நடுங்கினாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ `reset-all.exe` ஓட்டி, கணினியை மறுதொடக்கம் செய்து, பழையபடி 60-க்கே திரும்பிவிடுங்கள்.