கதவு வளைவும் போல்ட் நீளமும்: டைனமிக் பிளாக் கேள்வி பதில்

ஆட்டோகேடில் கதவு, போல்ட் போலத் திரும்பத் திரும்ப வரும் பொருட்களுக்கான டைனமிக் பிளாக் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் வரைபடம்தான் என் தொழில். கட்டட வேலையும் கொஞ்சம் செய்திருக்கிறேன்.

"கதவு பிளாக்கில் அகலத்தை 900-லிருந்து 750 ஆக்கினால் பலகை சரியாக வருகிறது, வளைவு மட்டும் வயிறு தள்ளிக் கோணலாகிறது. என்ன தப்பு?" (கட்டட டிராஃப்ட்ஸ்மேன்)

வளைவையும் ஸ்ட்ரெச் ஆக்‌ஷனுக்குள் சேர்த்திருப்பீர்கள். ஸ்ட்ரெச் என்பது வளைவின் ஒரு முனையை மட்டும் இழுக்கும். அப்போது வளைவின் மையம் கீலை விட்டு நகர்ந்துவிடும், கால்வட்டமாக இருந்தது கால்வட்டமாக இருக்காது. வளைவுக்கு வேண்டியது ஸ்கேல் ஆக்‌ஷன்.

முதலிலிருந்தே சொல்கிறேன். `BEDIT` திறந்து, கீல் புள்ளியை 0,0-இல் வையுங்கள். பலகையை 90 பாகை திறந்த நிலையில், அதாவது Y திசையில் 900 நீளத்துக்கு வரையுங்கள். வளைவு 0,0-ஐ மையமாகக் கொண்டு 900 ஆரத்தில் இருக்கட்டும். இப்போது லீனியர் பாராமீட்டரை 0,0-இல் தொடங்கி 900,0-இல் முடியுங்கள். Properties-இல் அதன் பெயரை "அகலம்" என்று மாற்றி, Dist type-ஐ List ஆக்கி 750, 900, 1000, 1200 என்று கொடுங்கள். பிறகு யாரும் 873 என்று இழுத்து வைக்க முடியாது.

இனி மூன்று ஆக்‌ஷன். மூன்றுக்கும் இதே பாராமீட்டர்தான். வளைவுக்கு ஸ்கேல். எதிர்ப்பக்க நிலைச்சட்டத்துக்கு மூவ், பாராமீட்டரின் முடிவுப் புள்ளியோடு சேர்த்து. பலகைக்கு ஸ்ட்ரெச், அதுவும் முடிவுப் புள்ளியோடுதான், ஆனால் ஃப்ரேம் பலகையின் மேல் முனையை மட்டும் சுற்ற வேண்டும். பாராமீட்டர் படுக்கையாக நகர்கிறது, பலகை நிற்கிறது அல்லவா? அந்த ஸ்ட்ரெச்சின் Properties-இல் Angle Offset-க்கு 90 கொடுங்கள். கிரிப்பை வலப்பக்கம் இழுத்தால் பலகை மேலே வளரும்.

ஒரு பொறி இருக்கிறது. ஸ்கேல் ஆக்‌ஷன் கூட்டிக் கழிப்பதில்லை, விகிதத்தில் பெருக்குகிறது. பாராமீட்டர் 900-லிருந்து 750 ஆனால் வளைவு 750/900 மடங்காகும். பாராமீட்டரை நிலைச்சட்டத்தின் வெளி விளிம்பு வரை 1000 என்று வைத்துவிட்டீர்கள், வளைவின் ஆரமோ 900 என்று வைத்துக்கொள்வோம். 1100-க்கு இழுத்தால் வளைவு 900 × 1.1 = 990 ஆகும், பலகை 1000 ஆகும். பத்து மில்லிமீட்டர் இடைவெளி. சிறிய அளவில் அச்சிட்ட தாளில் கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் வருடக்கணக்கில் ஓடுகிறது. பாராமீட்டரின் நீளமும் வளைவின் ஆரமும் ஒன்றாகவே இருக்கட்டும்.

முடித்ததும் `BTESTBLOCK` போட்டு, பட்டியலில் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் இழுத்துப் பாருங்கள். 900-இல் சரியாக இருப்பது சோதனையே இல்லை, அந்த அளவில்தானே வரைந்தீர்கள்.

"ஃப்ளிப் அம்புக்குறியைத் தட்டினால் கதவு பக்கத்துச் சுவருக்குள் போய்விடுகிறது அண்ணா." (உள்அலங்கார மாணவி)

ஃப்ளிப் கோடு கீல் வழியாகப் போகிறதும்மா. அது ஓப்பனிங்கின் நடுவில், 900 கதவுக்கு 450-இல் இருக்க வேண்டும்.

நடுவில் வைத்தும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். அகலம் 1200 ஆனால் நடு 600, கோடு மட்டும் 450-லேயே நிற்கும். அதற்கு ஃப்ளிப் பாராமீட்டரையே ஒரு மூவ் ஆக்‌ஷனில் சேர்த்து, அகலத்தோடு இணைத்து, Distance Multiplier-க்கு 0.5 கொடு. அகலம் 300 கூடினால் கோடு 150 நகரும். ஃப்ளிப் ஆக்‌ஷனுக்குப் பொருட்களைத் தேர்ந்தெடுக்கும்போது அகலப் பாராமீட்டரையும் சேர்த்துக்கொள். இல்லையென்றால் கதவு திரும்பிவிடும், கிரிப் பழைய பக்கத்திலேயே நிற்கும்.

சோதிக்கும்போது அகலத்தை மாற்றிய பிறகு ஃப்ளிப் செய்து பார். 900-இல் மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு `BSAVE` போடாதே.

"கதவு வைத்ததும் சுவர்க் கோடு தானாக வெட்டுப்பட ஒரு ஆக்‌ஷன் இருக்கிறதா?"

இல்லை. பிளாக்குக்குள் `WIPEOUT` வைத்து மறைக்கலாம், அதையும் அகலத்தோடு ஸ்ட்ரெச் செய்ய வேண்டும். கோடு அடியில் அப்படியேதான் இருக்கும்.

"எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு உள்ளே திறந்தால் வாஷ்பேசினில் இடிக்கிறது. எந்தப் பக்கம் திறப்பது நல்லது?"

இது பிளாக் பற்றிய கேள்வி இல்லை. உங்கள் பொறியாளரிடம் கேளுங்கள்.

"வளைவு ஸ்ட்ரெச் ஆகும்போது உடைகிறது, தீர்வு?"

முதல் பதில். வளைவுக்கு ஸ்கேல்.

"போல்ட்டுக்கு இவ்வளவு எதற்கு? ஒரே ஒரு M16 வரைந்து வைத்துக்கொண்டு `SCALE` 1.25 போட்டால் M20. நான் பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன்." (பைப்பிங் டிராஃப்ட்ஸ்மேன்)

பாதி சரி, அந்தப் பாதியை முதலில் ஒத்துக்கொள்கிறேன். M12, M16, M20, M24 நான்கிலும் அறுகோணத் தலையின் எதிர்ப்பக்க அகலம் 18, 24, 30, 36. எல்லாமே விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. தலை உயரமும் 7.5, 10, 12.5, 15 என்று ஒரே விகிதம். ஆகவே தலை மட்டும் கச்சிதமாக வரும்.

மீதி வராது. M16 × 80-ஐ 1.25 மடங்காக்கினால் நீளம் 100 ஆகிவிடும், நீங்கள் அதைக் கேட்கவில்லை. மரை நீளமும் தப்பு. 125 வரை நீளமுள்ள போல்ட்டுக்கு மரை நீளம் விட்டத்தின் இரு மடங்கோடு 6. M16-க்கு 38, M20-க்கு 46. உங்கள் ஸ்கேல் 47.5 கொடுக்கும். M10-க்கு வந்தால் தலையே ஒத்துவராது, 15 இல்லை, 16. M30-க்கு 45 இல்லை, 46.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு ஃபேப்ரிகேஷன் இடத்தில், அளவுகளை விசிபிலிட்டி ஸ்டேட்டாக வைத்த போல்ட் பிளாக் இருந்தது. அவசரத்தில் ஒருவர் ஸ்டேட்டை மாற்றாமல் `SCALE` போட்டுவிட்டார். தாளில் பார்த்தால் M20. பட்டியல் எடுத்தால் M16, ஸ்டேட்டின் பெயர் மாறவே இல்லையே. அந்தப் பட்டியலை வைத்துத்தான் போல்ட் வாங்கினார்கள். துளை 22, வந்த போல்ட் 16. அன்றிலிருந்து போல்ட் பிளாக்கை ஸ்கேல் செய்பவரைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

"அப்படியானால் M16, M20-க்குத் தனித்தனி பிளாக் வைத்தால் போதுமே? ஸ்டேட் எதற்கு?" (அதே பைப்பிங் நண்பர்)

வைக்கலாம், தப்பில்லை. ஆனால் வரைபடம் முடிந்த பிறகு டிசைனர் 40 இடத்தில் M16-ஐ M20 ஆக்கச் சொல்வார். ஒரே பிளாக் என்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து Properties-இல் ஒரு தடவை மாற்றினால் முடிந்தது.

நான் செய்வது இதுதான். அளவுக்கு விசிபிலிட்டி, நான்கே ஸ்டேட். நீளத்துக்கு லீனியர், தலையின் அடியிலிருந்து முனை வரை, பட்டியலோடு. ஸ்ட்ரெச் ஃப்ரேமுக்குள் மரைப் பகுதி முழுவதும் அடங்க வேண்டும், மரையில்லாத தண்டு மட்டும் ஃப்ரேமின் ஓரத்தால் வெட்டுப்பட வேண்டும். முழுதாக உள்ளே இருப்பது நகரும், குறுக்கே வெட்டுப்படுவது நீளும். இழுத்தாலும் மரை 38-ஆகவே இருக்க இதுதான் காரணம். மரை எல்லை ஒவ்வோர் அளவுக்கும் ஓர் இடத்தில் இருக்கும், அதனால் ஒவ்வொரு ஸ்டேட்டின் மரையையும் தனியாகப் பார்த்து ஃப்ரேமை வையுங்கள். ஃப்ரேம் போடுவதும் பொருளைத் தேர்ந்தெடுப்பதும் இரண்டு தனி வேலை. ஃப்ரேமுக்குள் இருந்தும் தேர்ந்தெடுக்காத கோடு அசையாது.

நான்கு ஸ்டேட்டின் கோடுகளையும் தேர்ந்தெடுக்க `BVMODE` 1 வையுங்கள், மறைந்திருப்பவை மங்கலாகத் தெரியும். இதை மறந்தால் M16 மட்டும் நீளும், M24 சும்மா நிற்கும். சோதனையில் நான்கு ஸ்டேட்டையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள்.

"விசிபிலிட்டி பழைய முறை. கன்ஸ்ட்ரெயின்ட் பாராமீட்டர் போட்டு `BTABLE`-இல் விட்டம் d, தலை அகலம் s, தலை உயரம் k, மரை நீளம் b எல்லாவற்றையும் வரிசையாகக் கொடுத்தால் ஒரே வரைபடம் போதும். தரவு எக்செல்லிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம்." (இயந்திர டிசைனர்)

நீங்கள் சொல்வது உண்மை. M10, M30 என்று அளவுகள் கூடும்போது உங்கள் வழிதான் சுத்தம், M10-இன் 16-உம் M30-இன் 46-உம் வெறும் ஒரு வரி. ஆனால் கன்ஸ்ட்ரெயின்ட் ஒன்று குறைந்தாலும் தலை வேறு திசையில் சாய்ந்துவிடும், அதை வேறொருவர் திறந்து சரிசெய்வது கடினம். எங்கள் அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார். நான்கு அளவுக்கு நான் விசிபிலிட்டியில்தான் நிற்பேன்.

"திருத்துவதற்கு எக்ஸ்ப்ளோட் செய்தே ஆக வேண்டும் என்று பைப்பிங் நண்பருக்கு யாராவது சொல்லித் தாருங்கள், நானும் அப்படித்தான்..."

வேண்டாம். `BEDIT` இருக்கிறது. எக்ஸ்ப்ளோட் செய்த கதவு வெறும் கோடு.

"கதவுகளை எண்ணினால் பாதி வரவில்லை. பெயர் *U12 என்று காட்டுகிறது."

டைனமிக் பிளாக்கில் ஏதாவது ஒன்றை மாற்றினவுடன் ஆட்டோகேட் அதற்கு *U என்று தொடங்கும் உள்பெயர் வைக்கிறது. பிளாக் பெயரை மட்டும் வைத்துத் தேடும் பழைய லிஸ்ப் அவற்றைத் தவறவிடும். உண்மைப் பெயரைப் பார்க்க:

```
(vl-load-com)
(vla-get-EffectiveName
  (vlax-ename->vla-object (car (entsel))))
```

எண்ணிக்கைப் பட்டியல்தான் வேண்டும் என்றால் `DATAEXTRACTION` போதும். அகலத்தையும் ஒரு நெடுவரிசையாக எடுத்துக்கொள்ளலாம்.

"கதவு வளைவு நீள மாட்டேன் என்கிறது, ஸ்ட்ரெச் போட்டும்..."

மூன்றாம் முறை. முதல் பதிலைப் படியுங்கள், அதில் 990 உதாரணத்தையும் சேர்த்து.

"ரெவிட்டில் இதே கதவு ஃபேமிலி எப்படி?"

என் துறை இல்லை.

"கதவு எண்ணுக்கு ஒரு அட்ரிபியூட் சேர்த்தேன். புதிதாக வைக்கும் கதவில் வருகிறது, ஏற்கெனவே இருக்கும் 60 கதவில் இல்லை."

`ATTSYNC` போட்டு அந்தப் பிளாக்கைக் காட்டுங்கள். ஏற்கெனவே எண்களின் இடத்தையோ எழுத்தின் உயரத்தையோ ஒவ்வொன்றாகக் கையால் மாற்றியிருந்தால் அது அழிந்துபோகலாம். முதலில் கோப்பை நகலெடுங்கள்.

"பழைய வரைபடத்தில் சாதாரணக் கதவு பிளாக்தான், 200 இருக்கும். டைனமிக்காக மாற்ற வழி?"

எக்ஸ்பிரஸ் டூல்ஸில் `BLOCKREPLACE` இருக்கிறது. பழைய பிளாக்கும் புதியதும் ஒரே பேஸ் பாயிண்டில், ஒரே திசையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் 200 கதவும் ஓப்பனிங்கை விட்டு விலகி நிற்கும். நகல் கோப்பில் செய்யுங்கள். பழையவற்றில் `MIRROR` செய்தவை எத்தனை என்று முன்பே பாருங்கள். அவை Scale X -1 ஆக இருக்கும், புதிய பிளாக்கின் ஃப்ளிப் அதைப் பற்றி அறியாது. ஒரு கதவை மட்டும் மாற்றி, அகலத்தை 1200 ஆக்கி, ஃப்ளிப் செய்து பார்த்த பிறகு மற்ற 199-ஐத் தொடுங்கள்.