கடலுக்குக் கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: புதிதாக ஒரு ஃபைபர் படகு வாங்கியிருக்கிறேன். 10 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். நானும் தம்பியும் கரையிலிருந்து 12 கடல் மைல் தள்ளிப் போய் வலை விடுவோம். தானாகக் காற்று நிரம்பும் லைஃப் ஜாக்கெட் இரண்டும், கையில் வைத்துப் பேசும் விஎச்எஃப் ரேடியோ ஒன்றும் வாங்கிவிட்டோம். கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? இன்னும் ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் எரிபொருள். இன்ஜின் எவ்வளவு குடிக்கும் என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே அளந்துவிடுங்கள். டேங்கில் ஒரு குறி வரை நிரப்பி, வழக்கமான சுமையோடு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, மறுபடி அதே குறி வரை அளந்து ஊற்றினால் கணக்கு கிடைத்துவிடும். மணிக்கு 4 லிட்டர் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் போனால் 12 மைலுக்கு ஒன்றரை மணி நேரம், அதாவது 6 லிட்டர். திரும்பி வர இன்னொரு 6. வலை விடும்போதும் இழுக்கும்போதும் மெதுவாக ஓடுவதற்கு 2 லிட்டர். மொத்தம் 14. அதில் பாதியான 7 லிட்டரைத் தனிக் கேனில் கையிருப்பாக வைத்துக்கொண்டு, 21 லிட்டரோடு கிளம்புங்கள்.

அவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். வரும்போது நனைந்த வலையும் மீனும் படகில் இருக்கும். எதிர்க்காற்றும் சேர்ந்து வேகம் 5 மைலாகக் குறைந்தால், அதே தூரத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர் ஆகும். கையிருப்பில் 4 லிட்டர் அப்போதே போய்விடும். கேனின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தும் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் கீழே தனியாகப் படிந்து நிற்கும்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். உங்கள் பட்டியலில் எனக்குக் கவலை தருவது இதுதான். தானாக நிரம்பும் வகையில் பலவும் தண்ணீர் பட்டதும் கரையும் ஒரு சிறு வில்லையை வைத்து வேலை செய்கின்றன. வலை இழுக்கும்போது நெஞ்செல்லாம் நனையும். ஆள் படகிலேயே இருக்க, ஜாக்கெட் ஊதிக்கொள்ளும். இரண்டு முறை அப்படி ஆனால், அதைக் கழற்றி ஓரமாக வைக்கத்தான் யாருக்கும் தோன்றும். கடையில் மாற்றித் தருவார்கள் என்றால், கை அசைவைத் தடுக்காத, நுரை அடைத்த ஜாக்கெட்டாக வாங்குங்கள். இல்லையென்றால், நீரின் அழுத்தம் பட்டால் மட்டும் திறக்கும் வகை இருக்கிறது, விலை கூடுதல்.

இருப்பதையே வைத்துக்கொள்வதானால், உள்ளே இருக்கும் வாயு உருளையைக் கழற்றிப் பாருங்கள். அதன் மூக்கில் துளை விழுந்திருந்தால் அது ஏற்கெனவே காலி. துளை இல்லாவிட்டாலும் சமையலறைத் தராசில் வைத்து, உருளையின் மேலேயே பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள். பிறகு கையால் இறுக்கமாகத் திருகுங்கள். ஓடும் படகின் அதிர்வில் இது தளர்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வில்லையின் காலாவதித் தேதியையும் பாருங்கள். எப்போதாவது ஒரு நாள் வாயால் ஊதி இரவு முழுக்க விட்டுவைத்து, காலையிலும் விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்கோட்டுக்கு மேலேதான் போட வேண்டும். உள்ளே போட்டால், அது ஊதும்போது நெஞ்சை நெருக்கிவிடும்.

வலையைப் பொறுத்தவரை, மிதவைக் கயிறு ஒரு பக்கமும் ஈயக் கயிறு ஒரு பக்கமுமாகச் சீராக அடுக்கியிருக்க வேண்டும். வலை ஓடும்போது கால் கயிற்றின் வளையத்துக்குள் இருக்கக் கூடாது. கத்தி இருவருக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்ஜின் பிடிப்பவர் தன் உடம்போடு மாட்டும் நிறுத்துக் கயிற்றுக்கு மாற்று ஒன்றும் வேண்டும். அவர் கடலில் விழுந்தால் கயிறு அவரோடே போய்விடும்; மாற்று இல்லாமல் மற்றவர் இன்ஜினை மறுபடி கிளப்பித் திரும்பி வந்து அவரைத் தூக்க முடியாது.

இனி ரேடியோ. விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட கண்ணுக்கு எட்டும் தூரம்தான் போகும். உங்களைப் போலவே தாழ்வான படகில் உட்கார்ந்திருப்பவரோடு சுமார் 5 கடல் மைல் வரை பேசலாம். கரையில் உயரமான கோபுரத்தில் ஆன்டெனா இருந்தால்தான் 12 மைலிலிருந்து பேசுவது கேட்கும். அதனால் கிளம்பும்போது மட்டும் சோதித்தால் போதாது, பாதி தூரத்திலும் வலை விடும் இடத்திலும் கூப்பிட்டுப் பாருங்கள். ஆபத்துக்கு 16-ஆம் சேனல். சோதனைப் பேச்சை வேறு சேனலில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வரவில்லை என்றால், அடுத்து வாங்க வேண்டியது 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் தனிநபர் அபாயக் கருவி. வாங்கிய உடனே உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். பதிவில்லாவிட்டால், அழைப்பு வரும்போது அது யாருடையது, எந்தப் படகு என்று மீட்புப் படைக்குத் தெரியாது. பேட்டரியின் காலாவதித் தேதியைக் கடையிலேயே பாருங்கள், அலமாரியில் வருடக்கணக்காக இருந்ததைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அப்புறம், அது பெட்டிக்குள் கிடக்காமல் ஜாக்கெட்டிலேயே கட்டியிருக்க வேண்டும்.