பழைய பத்திரத்தைப் போனிலேயே தெளிவான பிடிஎஃப் ஆக்குவது எப்படி?

"அப்பாவின் கிரயப் பத்திரம், 8 பக்கம். போனில் எடுத்தால் நிழல் விழுகிறது, எழுத்து மங்குகிறது. எந்தத் தரத்தில், எங்கே சேமிப்பது?"

ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதியே போதும். சாதாரணக் கேமராவில் எடுக்காதீர்கள்; ஸ்கேன் வசதி தாளின் ஓரத்தைக் கண்டுபிடித்து, சாய்வையும் சரிசெய்துவிடும். அதற்கு ஓரம் தெரிய வேண்டும் என்பதால் வெள்ளைத் தாளைக் கருமையான மேசை மேல் வையுங்கள். நிழல் பெரும்பாலும் போனுடையதுதான். தலைக்கு மேல் எரியும் விளக்கை அணைத்துவிட்டு, பகலில் ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள்.

அடுத்து ஃபில்டர். கறுப்பு வெள்ளையில் கோப்பு சிறிதாகும், அச்செழுத்தும் பளிச்சென்று இருக்கும். ஆனால் பத்திரத்துக்கு அது வேண்டாம். வெளிறிய முத்திரையும் பழைய பேனா மையும் அதில் காணாமல் போய்விடும், இல்லையென்றால் கறுப்புத் திட்டாகிவிடும். வண்ணத்திலேயே எடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை உள்ள இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்; உள்ளே இருக்கும் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மறுபடி எடுங்கள்.

8 பக்கமும் முடிந்த பிறகு ஒரே கோப்பாகச் சேமியுங்கள். அப்போது பெயர், கணக்கு, ஃபோல்டர் மூன்றையும் கவனியுங்கள், முக்கியமாகக் கணக்கை. அலுவலகக் கணக்கில் போய் விழுந்தால் வேலை மாறும்போது பத்திரமும் போய்விடும். இந்தக் கோப்பு டிரைவில்தான் இருக்கும், போனில் இருக்காது. அதனால் மூன்று புள்ளி மெனுவில் Download கொடுத்து, போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.